அப்பாயியின் பொட்டைத் தின்ற மென்பொருள்: இரண்டு வருட அனுபவம்

அலுவலகத் தோழி கேட்டாள்: "அக்கா, அந்த கிராஸ் ஸ்டிச் சாப்ட்வேர் இப்போ பாதி விலையாம், வாங்கலாமா?" இரண்டு வருடமாக அதனுடன் மல்லுக்கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படத்தை ஏற்றினால் கட்டம் போட்டு, நிறத்தைக் குறைத்து, டிஎம்சி நிறுவனத்தின் நூல் எண்களோடு, கட்டத்துக்கு ஒரு தையலாகத் தைக்க வரைபடம் தந்துவிடும். அதில் குறையில்லை. என் அப்பாயியின் படத்தை 120-க்கு 150 கட்டத்தில் போட்டேன். அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் 14 கவுண்ட் ஐடா துணியில் ஏறக்குறைய 22-க்கு 27 சென்டிமீட்டர் வரும். நிறம் 30. முகம் அப்படியே அப்பாயி. ஆனால் நெற்றியில் பொட்டு இல்லை, மூக்குத்தியும் இல்லை. அவரைப் பொட்டில்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

இரண்டும் மறைந்ததற்குக் காரணம் வேறு வேறு என்று புரியவே மூன்று மாதம் ஆனது. நிறத்தை 90-க்கு ஏற்றிப் பார்த்தேன். பொட்டு திரும்பி வந்தது, மூக்குத்தி வரவில்லை. மொத்தம் 18,000 தையலில் பொட்டுக்கு ஒன்பதுதான். நிறம் குறைக்கும்போது அதிக இடம் பிடித்த நிறங்களுக்கே முதல் மரியாதை. பின்னால் தெரிந்த வாசல் கிரில்லும் சேலையும் நூலையெல்லாம் வாரிக்கொள்ள, சிவப்பு பக்கத்துத் தோல் பழுப்போடு சேர்ந்துவிட்டது. மூக்குத்தியோ ஒரு கட்டத்தைவிடச் சின்னது. கட்டம் போடும்போதே கன்னத்தோடு கலந்துபோனதை எத்தனை நிறம் கொடுத்தாலும் மீட்க முடியாது.

பின்னணியை அழித்து ஒரே வெளிர் நிறமாக்கினேன். அதே 30-இல் முகத்துக்கு மட்டும் 13 நிறம் கிடைத்தது. 632, 3772, 407 என்று மாநிறத்துக்கு ஏற்ற வரிசை. இரண்டு நிறத்தைப் புள்ளி புள்ளியாகக் கலந்து இடைநிறம்போலக் காட்டும் டிதரிங்கை அணைத்ததும் எள்ளைத் தூவினமாதிரி கிடந்த ஒற்றைத் தையல்களும் பெரும்பாலும் ஒழிந்தன. பொட்டை மட்டும் 321 சிவப்பில் கையால் கட்டம் கட்டமாக நிரப்பினேன். மூக்குத்திக்குத் தைத்து முடித்த பிறகு ஒரு சின்ன மணி.

ஒரு நிறத்தைப் பூட்டி வைக்கும் வசதி இருந்திருந்தால் ஒரு நொடி வேலை. தயாரித்தவர்களுக்கு எழுதினேன், நிறத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பதில். 90 நூல் கண்டு வாங்க சிங்கப்பூர் பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்கு அவர்கள் போய் வருவார்களா? பொட்டைச் சுற்றி மட்டும் நிறத்தைக் கூட்ட முடியாதே!

வாங்காதே என்றுதான் அவளிடம் சொன்னேன். அன்று ராத்திரியே தாத்தா படத்தை ஏற்றினேன். எதிர்பார்த்தபடி விபூதிப் பட்டை காணோம். கட்டத்தை 160 ஆக்கியதும் மூன்று கோடும் மங்கலாகத் தெரிந்தன. வெள்ளை நூலை எடுத்து வைத்திருக்கிறேன்.