விளிம்பில் பறிபோகும் இரண்டாவது தாவல்

விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்ட பிளாட்ஃபார்மர் விளையாட்டு வெளியான நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது. ஓவியத்தையும் இசையையும் பற்றி அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது தாவலைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் இன்புட் பஃபரிங் அருமை. மேட்டுக்கு மேடு தாவிச் செல்லும்போது, கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திவிடுகிறோம். கறாரான விளையாட்டு என்றால், ‘அப்போது நீ காற்றில் இருந்தாய்’ என்று அந்த அழுத்தலைத் தூக்கி எறிந்துவிடும். இது சில ஃபிரேம்கள் நினைவில் வைத்திருந்து, கால் பட்ட கணத்திலேயே தாவ வைக்கிறது. தொடர்ந்து ஓடும் கட்டங்களில் கை எங்கும் தடுக்குவதில்லை.

ஆனால் விளிம்பில் இந்தப் பெருந்தன்மை இல்லை. அங்கே தேவைப்படுவது கொயோட்டி டைம்: மேட்டைவிட்டுக் கால் விலகிய பிறகும், மிகச் சிறிது நேரத்திற்குப் பாத்திரம் தரையில் நிற்பதாகவே விளையாட்டு கணக்கில் கொள்வது. 2018இல் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டு இதற்கு 0.1 விநாடி தருகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஆறு ஃபிரேம்கள். அதன் நாயகி நொடிக்கு 90 பிக்சல் ஓடுகிறாள், ஆக அந்த அவகாசத்தில் 9 பிக்சல் நகர்வாள். அந்த விளையாட்டின் ஒரு கட்டக்கல் 8 பிக்சல்தான். ஒரு கல் அளவுக்கு வெற்றிடத்தில் நின்று தாவுகிறோம், ஆனாலும் நமக்குத் தெரிவதே இல்லை.

இதைச் சலுகை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் பார்க்கும் படம் திரைக்கு வந்து சேரச் சில ஃபிரேம்கள் ஆகின்றன. நாம் அழுத்தியது விளையாட்டுக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கிறது. கேம் மோட் இல்லாத டிவியில் தாமதம் இன்னும் கூடும். திரையில் கால் விளிம்பில் இருக்கும்போது நாம் சரியாகத்தான் அழுத்துகிறோம். உள்ளே நடக்கும் கணக்கில் கால் அதற்குள் விலகியிருக்கிறது. அந்த இடைவெளிக்கான ஈடுதான் கொயோட்டி டைம்.

நான் சொல்லும் விளையாட்டில் அது இல்லை. இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் முடியாதபடி மறைந்திருக்கிறது. காரணம், இதில் நடுவானில் இன்னொரு முறை தாவலாம். விளிம்பில் சற்றே தாமதமாக அழுத்தினாலும் பாத்திரம் எழும்பத்தான் செய்கிறது. ஆனால் அது தரைத் தாவல் அல்ல. இருப்பில் இருந்த வான்தாவலை விளையாட்டு சத்தமில்லாமல் எடுத்துச் செலவழித்துவிட்டது. பள்ளத்தின் பாதியில், அடுத்த தாவலுக்காக அழுத்தும்போது ஒன்றும் நடப்பதில்லை. கீழே விழுகிறோம். பட்டன் பழுதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். தவறு நேர்ந்ததோ அரை நொடிக்கு முன், வேறோர் இடத்தில்.

ஐயம் இருந்தால் 60 ஃபிரேமில் திரையைப் பதிவுசெய்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். தரைத் தாவல் என்றால் காலடியில் புழுதி கிளம்பும். வான்தாவலுக்கு உடல் ஒரு சுற்றுச் சுற்றும். நான் விழுந்த பதிவில் விளிம்பைவிட்டு இரண்டாவது ஃபிரேமிலேயே உடல் சுற்றத் தொடங்கிவிட்டது. இரண்டு ஃபிரேம் என்பது நொடியில் முப்பதில் ஒரு பங்கு! அதற்காக ஒரு தாவலையே பறிப்பது அநியாயம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், இரண்டு தாவல் உள்ள விளையாட்டில் இன்னொரு சிக்கல் உண்மையாகவே கடினமானது. தரைக்குச் சற்று மேலே அழுத்தினால், ஆட்டக்காரர் வான்தாவலைக் கேட்கிறாரா, தரை வரும்வரை காத்திருக்கச் சொல்கிறாரா? இந்த விளையாட்டு, வான்தாவல் மீதமிருந்தால் உடனே அதைச் செலவிடுகிறது. தீர்ந்திருந்தால்தான் பஃபரில் வைக்கிறது. கீழே சில பிக்சலில் தரை இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுத்திருக்கலாம். ஆனாலும் இதை நான் பொறுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டு பொருளுக்கும் இடமுண்டு.

விளிம்பில் அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. கால் விலகி இரண்டு ஃபிரேமில் அழுத்துபவர் தரையிலிருந்துதான் தாவ நினைத்தார். செய்ய வேண்டிய திருத்தமும் சின்னது: தரையைவிட்டதும் ஒரு கடிகாரம் ஓடட்டும், அது தீரும்வரை வான்தாவலைத் தொடாதே, தாவியதும் கடிகாரத்தைப் பூஜ்யமாக்கு, இல்லையென்றால் இலவசமாக ஒரு தாவல் கூடிவிடும். கீழ்நோக்கி விழத் தொடங்கிய வேகத்தையும் அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் தாமதத் தாவல் குட்டையாகப் போகும். இத்தனை அப்டேட்கள் வந்தும் இது வரவில்லை.

இந்த விளையாட்டை இன்றும் விளையாடுகிறேன், அதன் ஓட்டத்துக்கு ஈடாக வேறொன்று என்னிடம் இல்லை. இருந்தும் நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதினேன். கடைசிக் கட்டங்களின் பள்ளங்கள் இரண்டு தாவலையும் முழுதாகக் கேட்கும் அகலம் கொண்டவை, அங்கே விளிம்பில் ஒன்று களவு போனால் கடக்க வழியே கிடையாது.