பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட் தேதியை மாற்ற கடிதமா? யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

வடபழனி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். அம்மாவின் பாஸ்போர்ட் புதுப்பிப்புக்கு அங்கேதான் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டோம். சாலிகிராமம் சேவா கேந்திரத்தில் 10ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அப்புறம் பார்த்தால் திருநெல்வேலியில் 11ஆம் தேதி சித்தி மகள் கல்யாணம், 9ஆம் தேதி ராத்திரி எழும்பூரில் ரயில். அம்மா நேராக அந்தக் கடைக்குப் போய், "தம்பி, ஊருக்குப் போறோம், அடுத்த வாரத்துக்கு மாத்திக் கொடுப்பா" என்று கேட்டிருக்கிறார்.

"அப்படியெல்லாம் சும்மா மாத்த முடியாதும்மா. மண்டல அதிகாரிக்குக் கடிதம் எழுதணும். டிக்கெட் ஜெராக்ஸ் வைக்கணும். அவங்க ஒப்புதல் கொடுத்தாத்தான் தேதி மாறும்" என்றார் கடைக்காரர். ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் தட்டினார். பெறுநர், பொருள், பயணக் காரணம் என்று எல்லாம் முறைப்படி இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டார். "கடிதக் கட்டணம்" என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, தேதி 17 என்றார்.

ஊரிலிருந்து திரும்பியதும் அவரிடமிருந்து போன். அதிகாரி 17க்கு ஒப்புதல் தரவில்லையாம், இன்னொரு கடிதம் போட வேண்டுமாம், 500 ரூபாயாம். கொடுத்ததும் 24ஆம் தேதி போட்ட ரசீதைப் பிரின்ட் எடுத்துத் தந்தார். அம்மா அதைக் கண்ணாடிக் கவரில் போட்டு, ஆதார், பழைய பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்தார்.

24ஆம் தேதி காலை அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ரசீதைப் பார்த்தவர், இன்றைய பட்டியலில் இந்த எண் இல்லை என்றார். விசாரணைக் கவுன்ட்டரில் ஏ.ஆர்.என். என்ற விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்த ஊழியர் பொறுமையாகச் சொன்னார்: "இது 24இலிருந்து 20க்கு மாத்தியிருக்காங்க. 20 அன்னைக்கு நீங்க வரலை. மூணு தடவை மாத்தியாச்சு, இனிமே இதுல மாத்த முடியாது. புதுசா விண்ணப்பம் போடுங்க." கடிதம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். தேதி மாற்றக் கடிதமே தேவையில்லை, விண்ணப்பதாரரே தன் கணக்கில் செய்துகொள்வதுதான் என்றார்.

கடைக்குப் போய்க் கேட்டால், "சீக்கிரம் வேணும்னு கேட்டீங்களே, 20 காலியா இருந்துச்சு, போட்டேன். வாட்ஸ்அப்ல அனுப்பினேனே" என்கிறார். அப்படி ஒரு செய்தி வரவே இல்லை. அந்த மாற்றத்துக்கும் 500 ரூபாய் பாக்கி என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. 1,100 ரூபாய் கடைக்குப் போனது ஒரு பக்கம். அரசுக்குக் கட்டிய 1,500 ரூபாயும் சேர்ந்து வீணானது இந்த ஆளால்தான்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் கட்டணம் கட்டி முதல் அப்பாயின்ட்மென்ட் எடுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் மூன்றும் முடிந்து, கடைசித் தேதிக்கும் போகாவிட்டால் அந்தக் கட்டணமும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆக, "அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொல்லி அவர் அழுத்திய ஒவ்வொரு பொத்தானும் அம்மாவுக்கு இருந்த ஒரு வாய்ப்பைத் தின்றிருக்கிறது. அம்மாவின் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதங்கள் கடையை விட்டு வெளியே போனதற்கு எந்த அடையாளமும் இல்லை.

இத்தனையும் நடந்தது எங்களுக்கு ஏன் தெரியவில்லை? விண்ணப்பம் போடும்போது கணக்கை அவருடைய மின்னஞ்சலிலும் அவருடைய கைபேசி எண்ணிலும் திறந்திருக்கிறார். "உங்களுக்கு மெயில் பார்க்கத் தெரியாதும்மா, என்னோடதையே போட்டுடறேன்" என்று அன்றைக்கே சொன்னாராம். உதவி மாதிரித்தான் இருந்திருக்கும். ஆனால் தேதி மாறும்போது வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவருக்கே போகும். கடவுச்சொல்லை மாற்றலாம் என்றாலும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வழி போகும். வெளியிலிருந்து நிலவரம் பார்க்கலாமே என்றால், அதற்குக் கேட்பது ஃபைல் எண். அது கேந்திரத்துக்குப் போன அன்றுதான் கிடைக்கும். ஏ.ஆர்.என். மட்டும் கையில் இருப்பவர் கணக்குக்குள் நுழையாமல் தளத்தில் தன் தேதியைப் பார்க்க வழியில்லை. பிரின்ட் எடுத்த தாளில் இருப்பது அது எடுத்த நேரத்துத் தேதி, அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே அம்மாவின் கைபேசி எண்ணில், அம்மா பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, passportindia.gov.in தளத்தில் புதுக் கணக்குப் போட்டேன். முகவரி gov.in என்று முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் போலித் தளங்கள் உண்டு. புதிதாக 1,500 கட்டி அப்பாயின்ட்மென்ட் எடுத்தோம். கிடைத்த தேதியில் எனக்கு அலுவலக வேலையாகப் பெங்களூரு போக வேண்டி வந்தது. அம்மா தனியாகப் போகத் தயங்கினார். சரி, மாற்றிப் பார்ப்போம் என்று உள்ளே போனேன். View Saved/Submitted Applications என்ற இடத்தில் விண்ணப்பம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் Reschedule Appointment. காலியான தேதியைக் காட்டுகிறது. உறுதி செய்ததும் அம்மாவின் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. எந்த ஊருக்கு, எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. டிக்கெட் கேட்கவில்லை. ஒரு ரூபாய் கேட்கவில்லை. கேந்திரத்திலும் அந்த எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டினால் போதும், தாள் கட்டாயமில்லை.

ஒரு எச்சரிக்கை: உறுதி செய்யும் முன் அந்தத் தேதி நிஜமாகவே ஒத்துவருமா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். "பிடித்து வைப்போம், அப்புறம் மாற்றலாம்" என்று அழுத்தினாலும் ஒரு வாய்ப்பு போய்விடும். இன்னும் நல்ல தேதி காலியாகும் என்று தோன்றினால், கையிலுள்ள தேதி நெருங்கும்வரை மாற்றாமல் பொறுத்துப் பார்ப்பது மேல்.

ஏற்கெனவே கடையில் விண்ணப்பம் போட்டிருந்தால் இன்றைக்கே போங்கள். கணக்குப் பெயர், கடவுச்சொல், எந்த மின்னஞ்சல், எந்தக் கைபேசி எண் என்று எழுதி வாங்குங்கள். அங்கேயே நின்று, உங்கள் கைபேசியில் உள்ளே போய்த் தேதியைப் பாருங்கள். மின்னஞ்சலை உங்களுடையதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், 1800-258-1800 என்ற பாஸ்போர்ட் சேவா இலவச எண்ணில் ஏ.ஆர்.என். சொல்லி விசாரியுங்கள். ஓ.டி.பி. சொல்லி வங்கிப் பணமும் போயிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள்.

நாங்கள் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தக் கடிதத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது, பணம் கூகுள் பேயில் போனதால் அதற்கும் சான்று இருக்கிறது. இதே மாதிரி "ஒப்புதல் கடிதம்" என்று யாரிடமாவது பணம் கொடுத்தவர்கள் கமென்ட்டில் தொகையும் பகுதியும் மட்டும் எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.