இரண்டுமே 50 மெகாபிக்சல்தான், ஆனால் விளக்கு வெளிச்சத்தில் படம் வேறு

முதல் ஸ்மார்ட்போன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் "50ஆ, 108ஆ?" என்றுதான் கேட்கிறார்கள். நான் ரொம்ப நாளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரண்டு போன்களிலும் மெயின் கேமரா 50 மெகாபிக்சல், லென்ஸின் திறப்பும் f/1.8. ஆனால் ஒன்றில் ஒளியை வாங்கும் சென்சார் 1/2.76 இன்ச், இன்னொன்றில் 1/1.56 இன்ச். கீழே இருக்கும் எண் சின்னதானால் சென்சார் பெரியது. ஒரு பிக்சலின் அகலம் முதலாவதில் 0.64 மைக்ரான், அடுத்ததில் 1.0 மைக்ரான். பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால் பெரிய சென்சாரின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு, அது வாங்கும் ஒளியும் அதே அளவு கூடுதல்.

நல்ல வெயிலில் எடுத்தால் போன் திரையில் எது எந்தப் படம் என்று எனக்கே தெரியாது. ராத்திரி ஒரே ஒரு விளக்கு எரியும் அறையில், ஓடியாடும் குழந்தையை எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. சின்ன சென்சாரில் படத்தை வெளிச்சமாக்கும் ISO அளவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்துவிடும், அதனால் போன் ஷட்டரை 1/15 விநாடி வரை திறந்து வைக்கிறது, அதற்குள் குழந்தையின் கை நகர்ந்து மங்கிவிடுகிறது. மீதி இரைச்சலை மென்பொருள் தேய்த்து எடுக்கும்போது தலைமுடி எல்லாம் ஒரே கறுப்புப் பூச்சாகிவிடும். பெரிய சென்சாரில் ISO ஏறினாலும் படம் தாங்குவதால் 1/30 விநாடிக்குள்ளேயே ஷட்டர் மூடிவிடுகிறது, முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. நைட் மோட் இருக்கிறதே என்றால், அது பல படங்களை அடுக்கிச் சேர்ப்பது, அசையாத பொருளுக்கு அருமை, ஓடுகிற குழந்தைக்கு அவ்வளவாக உதவாது.

அப்புறம், இரண்டு போன்களுமே சாதாரண மோடில் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் சேமிக்கின்றன. 108 போட்ட போன்களில் பெரும்பாலும் ஒன்பதைச் சேர்த்து 12 தான் கிடைக்கும். முழு 50 மோடை நான் வெளிச்சம் கொட்டுகிற இடத்தில் மட்டும் போடுவேன், மற்ற நேரத்தில் ஃபைல் பெரிதாவதுதான் மிச்சம்.

வாங்கும் முன் போன் கைக்குக் கிடைத்தால், வெளிச்சம் குறைந்த மூலையில் யாரையாவது கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். முடியையும் கறுப்புத் துணியின் மடிப்பையும் பெரிதாக்கிப் பாருங்கள், கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்தால் ஷட்டரும் ISO-வும் தெரியும்.

பெரிய சென்சாரில் ஒரு தொல்லை உண்டு, சொல்லிவிடுகிறேன். கிட்டத்தில் வைத்து ஒரு பக்கத்தை எடுத்தால் நடுவில் எழுத்து தெளிவாக இருக்கும், ஓரத்தில் மங்கும். கொஞ்சம் பின்னால் தள்ளி 2x ஜூமில் எடுத்தால் சரியாகிவிடும்.