சீக்கிரம் வந்தவர்களுக்கு மட்டும் ஆப்சென்ட்: கைரேகைக் கருவியோடு நான்கு ஆண்டுகள்

எங்கள் அலுவலகத்தில் கைரேகை வருகைக் கருவியைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில், முழு நாள் வேலை பார்த்த பிறகும் எனக்கு மூன்று முறை ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. முதல் இரண்டு முறையும் தவறு பாதி என்னுடையது. கை கழுவிய ஈரத்தோடு மாலையில் விரலை வைத்துவிட்டு, கருவி ஏற்றுக்கொண்டதா என்று பார்க்காமலேயே கிளம்பிவிட்டேன். வெளியேறும் பதிவு இல்லாத நாளை எங்கள் மென்பொருள் ஆப்சென்ட் என்றே கணக்கிடும். மேலாளர் கையொப்பமிட்ட ஒரு வரி விண்ணப்பத்தில் அவை இரண்டும் சரியாகிவிட்டன. மூன்றாவதைச் சரிசெய்ய ஏழு வாரங்கள் ஆயின. கருவியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஏழு வாரங்களில் கற்றுக்கொண்டதுதான்.

அன்று காலை 8.41க்கு விரல் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது, 'நன்றி' என்ற குரலும் கேட்டது. மாலை 6.07க்கு மறுபடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மாதக் கடைசியில் வருகைப் பட்டியலைப் பார்த்தபோது 14ஆம் தேதிக்கு நேராக A என்று இருந்தது. உடனே பணியாளர் பிரிவுக்கு எழுதினேன்: "14ஆம் தேதி நான் வேலைக்கு வந்திருந்தேன். மெஷின் தவறாகக் காட்டுகிறது. சரிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." மூன்றாம் நாள் பதில் வந்தது: "கருவியில் காலைப் பதிவு இல்லை. எனவே திருத்த இயலாது." நான் கேட்டதிலேயே கோளாறு இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. 'மெஷின் தவறு' என்று எழுதினால், அதைப் பார்ப்பவர் மென்பொருளில் அந்தத் தேதியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்வதற்கில்லை.

இங்கே இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் விரல் வைக்கும்போது கருவி தன் நினைவகத்தில் எழுதிக்கொள்வது பணியாளர் எண், தேதி, நேரம் போன்றவற்றை மட்டுமே. வந்தார், வரவில்லை என்ற தீர்ப்பு அதில் கிடையாது. அந்த மூலப் பதிவுகளை அலுவலகக் கணினியில் உள்ள மென்பொருள் அவ்வப்போது இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் முதல் பதிவை வருகையாகவும் கடைசிப் பதிவைப் புறப்பாடாகவும் வைத்து, விதிகளின்படி P அல்லது A என்று போடுகிறது. நமக்குக் காட்டப்படும் பட்டியல் இந்த இரண்டாவது கட்டத்தின் விளைவு. எனவே கேட்க வேண்டியது மூலப் பதிவுகளைத்தான். அதுவும் அந்த ஒரு நாளுக்கு மட்டுமல்லாமல், தேதி வடிகட்டி எதுவும் இல்லாமல் கேட்க வேண்டும்.

எனக்கு அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உணவு இடைவேளையில் நடந்த ஒரு பேச்சு. பக்கத்துப் பிரிவில் இருப்பவர், "எனக்கும் அதே நாள்தான் சார் ஆப்சென்ட். நான் 8.53க்கே வந்துட்டேன்" என்றார். விசாரித்தபோது, ஆப்சென்ட் விழுந்த 11 பேருமே அன்று சீக்கிரம் வந்தவர்கள் என்று தெரிந்தது. 9.12க்கு மூச்சிரைக்க ஓடி வந்தவருக்கு P போட்டிருந்தது. தனி ஒருவரின் விரல் சரியாகப் படியாமல் போனால் அவருக்கு மட்டும்தான் பதிவு விடுபடும். குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வந்த அத்தனை பேருக்கும் விடுபடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கருவியின் கடிகாரத்தை.

இரண்டாவது விண்ணப்பத்தில் புகார் எதுவும் எழுதவில்லை. என் பணியாளர் எண்ணுக்குக் கருவியின் நினைவகத்தில் உள்ள எல்லாப் பதிவுகளையும், அவற்றின் தேதி எதுவாக இருந்தாலும், எடுத்துத் தருமாறு மட்டும் கேட்டேன். கருவியைப் பராமரிப்பவர் பென் டிரைவில் இறக்கிக் கொடுத்த கோப்பில் 14ஆம் தேதி மாலைப் பதிவு இருந்தது. காலைப் பதிவு இல்லை. ஆனால் அதற்கு நேர் மேலே இப்படி ஒரு வரி இருந்தது:

```
2000-01-01 02:36
```

முந்தைய இரவு மின்சாரம் நின்றிருக்கிறது. கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால், காலையில் மின்சாரம் திரும்பியதும் கருவி 2000ஆம் ஆண்டின் முதல் நாள் நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. பின்னர் அலுவலகக் கணினியை இயக்கியதும், அது கருவிக்குச் சரியான நேரத்தை அனுப்பியிருக்கிறது. அந்த இடைவெளியில் விரல் வைத்தவர்கள்தான் நாங்கள் 11 பேரும். பதிவுகள் அழியவில்லை, நடப்பு மாதத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் வேறொரு ஆண்டில் கிடந்தன.

இதை எண்களைக் கொண்டே நிறுவ முடிந்தது. 8.41லிருந்து 2.36ஐக் கழித்தால் 6.05 வருகிறது, அதாவது மின்சாரம் அன்று 6.05க்குத் திரும்பியிருக்க வேண்டும். காவலாளியின் குறிப்பேட்டில் 'கரண்ட் வந்தது 6.05' என்றே எழுதியிருந்தது. 8.53க்கு வந்தவரின் பதிவு 02:48 என்று இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையே உண்மையில் இருந்த 12 நிமிட வித்தியாசம் தவறான பதிவிலும் அப்படியே இருந்தது. இந்த இரண்டு கணக்குகளையும், அன்று 9.05க்கு என் அலுவலகக் கணினியிலிருந்து போன மின்னஞ்சலின் நகலையும் இணைத்துக் கொடுத்த பிறகு மறுப்பு எதுவும் வரவில்லை. 'எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்' என்ற வாதத்தை முன்பு ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயன் இருந்ததில்லை. கேமரா பதிவைக் கேட்கலாம்தான். ஆனால் பழைய காட்சிகளின் மேல் புதியவை பதிவாகிவிடும் என்பதால், மாதக் கடைசியில் கேட்ட எனக்கு அது கிடைக்கவில்லை.

திருத்தம் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. பணியாளர் பிரிவில் இருந்தவர் பட்டியலில் A இருந்த இடத்தில் P என்று மாற்றினார். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் A. மென்பொருள் மூலப் பதிவுகளிலிருந்து பட்டியலை மீண்டும் கணக்கிடும்போதெல்லாம், மேலே எழுதிய முடிவு அழிந்துவிடுகிறது. 14ஆம் தேதி 8.41 என்ற நேரத்தையே கைப்பதிவாக உள்ளே சேர்த்த பிறகுதான் அது நிலைத்தது. நான் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. ஆப்சென்ட் விழுந்த அன்றைக்கு மென்பொருள் தானாகவே என் கணக்கிலிருந்து ஒரு தற்செயல் விடுப்பைக் கழித்திருந்தது. வருகையைத் திருத்தினால் விடுப்பு தானாகத் திரும்பி வராது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விடுப்பு மீதம் இல்லாத மூன்று பேருக்குச் சம்பளமே பிடிக்கப்பட்டிருந்தது. சம்பளப் பட்டியல் அதற்குள் முடிந்துவிட்டதால், அவர்களுக்கு அந்தத் தொகை அடுத்த மாதம் நிலுவையாகக் கிடைத்தது.

இப்போது பச்சை விளக்கைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. திரையின் மூலையில் ஓடும் தேதியையும் ஒரு கண் பார்த்துவிட்டே உள்ளே போகிறேன். பட்டியலையும் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்க்கிறேன். கருவியின் பேட்டரியை மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு இருமுறை இரவில் மின்சாரம் நின்றது. இரண்டு முறையும் காலையில் தேதி சரியாகவே இருந்தது.