இருவர் பேசும் மேடை: கூட்டாளியை முதலிலேயே அறிமுகப்படுத்துவதா, மாறும் இடத்திலா?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு மழைநீர் சேகரிப்பு, நேரம் 20 நிமிடம், ஸ்லைடு 14, பேசப்போவது இருவர். மொட்டைமாடியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது, அது எங்கே வீணாகிறது என்பதை முதல் 11 நிமிடம் செல்வி சொல்கிறார். வடிகட்டி, பராமரிப்பு, செலவு ஆகியவற்றை மீதி 9 நிமிடத்தில் பாஸ்கர் சொல்கிறார். பெயர்கள் வசதிக்காக வைத்தவை.

செல்வியிடமிருந்து பேச்சு பாஸ்கருக்குப் போகும் அந்த 15 நொடிக்குப் பல வழிகள் உண்டு. எது எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

எப்போது அறிமுகம்?

பழக்கமான முறை, தொடக்கத்திலேயே இருவரையும் முழுதாகச் சொல்லிவிடுவது. "வணக்கம், நான் செல்வி, இவர் பாஸ்கர், இன்ன படித்தவர், இன்ன வேலை பார்த்தவர்." மேடையில் நிற்கும் இரண்டாமவர் யார் என்ற கேள்வி கூட்டத்துக்கு எழாது என்பது இதன் நன்மை. ஆனால் 11 நிமிடம் கழித்து பாஸ்கர் மைக்கைப் பிடிக்கும்போது அந்த விவரம் ஒருவர் நினைவிலும் இருக்காது. வடிகட்டியைப் பற்றிய பேச்சே வராதபோது, "வடிகட்டி அனுபவம் உள்ளவர்" என்று சொன்னால் அது எங்கும் ஒட்டாது.

அடுத்த முறை, ஆள் மாறும் இடத்தில் மட்டும் அறிமுகம் செய்வது. இங்கே தகவல் சரியான நேரத்தில் வருகிறது. ஆனால் அதுவரை 11 நிமிடம் ஓரமாக நிற்பவரைக் கூட்டம் மடிக்கணினி பார்த்துக்கொள்ள வந்த ஆள் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாமவர் வயதிலோ பதவியிலோ மூத்தவராக இருந்தால் இது அவருக்கும் சங்கடம், பார்ப்பவர்களுக்கும் சங்கடம்.

மூன்றாவது, தொகுப்பாளரிடம் விட்டுவிடுவது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொகுப்பாளர் எழுந்து வந்து, சீட்டைப் பார்த்துப் படித்து, "அன்போடு அழைக்கிறேன்" என்று முடிப்பதற்குள் ஒரே பேச்சு இரண்டு தனித்தனிப் பேச்சாகிவிடும். கைதட்டலும் சேர்ந்துகொண்டால் செல்வி கட்டிக்கொண்டு வந்த இழை அங்கேயே அறுந்துவிடும்.

சரியாக வருவது அறிமுகத்தை இரண்டாக உடைப்பதுதான். தொடக்கத்தில் பெயரும் பங்கும் மட்டும்: "தண்ணீர்க் கணக்கை நான் சொல்கிறேன், அதைக் கிணற்றில் சேர்க்கும் வழியைப் பாஸ்கர் சொல்வார்." அவருக்கு இதைப் பேசும் தகுதி எப்படி வந்தது என்பதை மாறும் இடத்துக்கு ஒத்திப்போட வேண்டும். அங்கேயும் முழு வாழ்க்கைக் குறிப்பு வேண்டாம். அடுத்த 9 நிமிடத்துக்குத் தேவையான ஒரே ஒரு செய்தி போதும்.

மாற்றும் வாக்கியம்

மேடையில் அதிகம் கேட்பது இது: "இத்துடன் என் பகுதி முடிகிறது, மீதியைப் பாஸ்கர் பேசுவார்." இதில் பிழை ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. "முடிகிறது" என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பேர் கைபேசியை எடுப்பார்கள். "மீதி" என்ற சொல் அடுத்து வருவதை மிச்சம்மீதியாக்கிவிடுகிறது.

இன்னொரு வகை, கேள்வி கேட்டு மாற்றுவது: "பாஸ்கர், இவ்வளவு தண்ணீரையும் என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்களேன்?" நன்றாக ஒத்திகை பார்த்த இருவருக்கு இது அழகாக வரும். மற்றவர்களுக்கு நாடக வசனம்போல விழும். தவிர, கேள்வி ஒரு மாதிரியும் தயாரித்த பதில் வேறு மாதிரியும் இருந்தால் இரண்டாமவர் முதல் வாக்கியத்திலேயே தடுமாறுவார்.

எனக்குப் பிடித்தது கொக்கி வைத்து மாற்றுவது. முதலாமவரின் கடைசிச் செய்தி முடியாமல் நிற்க வேண்டும். அதை முடித்துவைக்கத் தகுந்தவர் என்றே இரண்டாமவர் பெயர் வர வேண்டும். செல்வியின் கணக்கு இப்படிப் போகிறது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சென்னைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 300 சதுர மீட்டர் மாடியில் 4,20,000 லிட்டர் விழும். ஆவியாவது, வழிவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 3,36,000 லிட்டர். அங்கே அவர் சொல்ல வேண்டியது:

"ஆண்டுக்கு 3,36,000 லிட்டர் நம் மாடியிலிருந்து இறங்குகிறது. அதில் கிணற்றுக்குள் எவ்வளவு போகும் என்பது கீழே இருக்கும் வடிகட்டியின் கையில். இரண்டு மழைக்காலமாக அந்த மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர் பாஸ்கர்."

பெயர் கடைசிச் சொல்லாக வருவதைக் கவனியுங்கள். "பாஸ்கர், இரண்டு மழைக்காலமாக..." என்று பெயரை முன்னால் போட்டால் பெயர் கேட்டதுமே அவர் நடக்கத் தொடங்குவார், கூட்டமும் அவரைப் பார்க்கத் திரும்பிவிடும், தகுதியைச் சொல்லும் பகுதியை யாரும் கேட்க மாட்டார்கள். நம் மொழியில் வாக்கியத்தை இப்படிப் பெயரில் கொண்டுபோய் நிறுத்துவது இயல்பாகவே வரும். பெயருக்குப் பிறகு செல்வி ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் விதமும் இதுதான். மிருதங்கக்காரர் முடிவைக் காட்டும் கோர்வையை மூன்று முறை வாசிக்கும்போதே பாடகருக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசி அடி விழுந்ததும், வரி தொடங்கும் இடமான எடுப்பில் பாட்டு வந்து சேர்கிறது. இடையில் யாரும் "இப்போது பாடுவார்" என்று அறிவிப்பதில்லை.

வாங்குபவரின் முதல் வாக்கியம்

கொடுப்பவர் எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும், வாங்குபவர் "நன்றி செல்வி, அனைவருக்கும் வணக்கம், என் பெயர் பாஸ்கர், செல்வி மிக அருமையாகச் சொன்னார்கள்" என்று தொடங்கினால் கொக்கி கழன்றுவிடும். பெயர் ஏற்கெனவே சொல்லப்பட்டது, வணக்கமும் தொடக்கத்திலேயே ஆயிற்று. முதலாமவரின் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போவது நல்லது: "அந்த மூடியைத் திறந்தால் முதலில் தெரிவது சருகு." வணக்கம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லையென்றால் தலையசைப்பும் "வணக்கம்" என்ற ஒரே சொல்லும் போதும்.

இங்கே மரியாதைச் சிக்கல் ஒன்று உண்டு. கூட்டாளியை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், "அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்லை" என்று மறுத்துவிட்டுத்தான் அவர் தொடங்க வேண்டியிருக்கும். அதிலேயே 20 நொடி போய்விடும். புகழ்ச்சியை மறுக்கலாம், மூடியைத் திறந்து பார்த்ததை யாரும் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் அடைமொழியைவிடச் செய்த வேலையைச் சொல்வது நல்லது. அதேபோல, தனியே "வாடா, போடா" என்று பேசிக்கொள்பவர்களும் மேடையில் "அவர்" என்றே சொல்ல வேண்டும். மூத்தவருக்கு "சார்", "அம்மா" என்று எது வழக்கமோ அதுவே. ஒருவர் "அவர்கள்" என்று சொல்ல மற்றவர் வெறும் பெயரைச் சொன்னால் கூட்டம் அதைத்தான் கவனிக்கும்.

ஒரே கோப்பா, ஆளுக்கொரு மடிக்கணினியா?

இதில் விவாதத்துக்கே இடமில்லை. ஒரே மடிக்கணினி, ஒரே கோப்பு. எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி இன்னொன்றில் செருகினால் புரொஜெக்டர் மறுபடி சிக்னலைத் தேடும்; அதுவரை நீலத் திரைதான். வந்த பிறகும் சில நேரம் படம் வெட்டுப்பட்டு நிற்கும், அல்லது பேசுபவரின் வாட்ஸாப் செய்திகளோடு டெஸ்க்டாப் முழுதாகத் தெரியும். இருவரின் ஸ்லைடுகளையும் முந்தின நாளே ஒரு கோப்பில் சேர்த்து, அதே மடிக்கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துரு மாறிக் கட்டம் கட்டமாகத் தெரிவது இந்தச் சேர்ப்பில்தான் வரும்.

மாறும் இடத்தில் "பாகம் 2" என்று தனி ஸ்லைடு வைப்பார்கள். அதைவிட, செல்வி பேசி முடிக்கும் 8ஆம் ஸ்லைடே பாஸ்கரின் முதல் வாக்கியத்துக்கும் பொருந்தும்படி மூடிய வடிகட்டியின் படமாக இருந்தால் யாரும் அவசரமாக எதையும் அழுத்த வேண்டியதில்லை. கண் ஆளிடம் போக வேண்டுமென்றால் பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது `B` அழுத்தலாம், திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் படம் திரும்பும்.

கையில் பிடிக்கும் மைக் ஒன்றுதான் என்றால் சுவிட்சைத் தொடாமல் கொடுங்கள். அணைத்துக் கொடுத்தால் வாங்குபவர் முதல் வாக்கியத்தை ஊமையாகச் சொல்லிவிட்டு "ஹலோ, ஹலோ" என்று தட்டுவார். சட்டையில் மாட்டும் மைக் என்றால் ஆளுக்கொன்று வேண்டும், நடுவில் கழற்றி மாட்டவே முடியாது. இரண்டு இல்லையென்றால் கைமைக்கே மேல்.

இணையக் கூட்டத்தில் இதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஒருவர் பகிர்வை நிறுத்தி மற்றவர் தொடங்கும் இடைவெளியில் எல்லோர் முகமும் பெரிதாகத் தெரிய, "ஸ்கிரீன் தெரியுதா?" என்ற கேள்வி வரும். ஒருவரே கடைசிவரை பகிர்ந்து மற்றவருக்காக ஸ்லைடைத் தள்ளலாம். டீம்ஸில் பவர்பாயிண்டை நேரடியாகத் திறந்திருந்தால் இரண்டாமவர் `Take control` அழுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

முதலாமவர் நேரம் தாண்டினால்

நடைமுறையில் கைமாற்றம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். செல்வி 14ஆம் நிமிடத்திலும் பேசிக்கொண்டிருந்தால் பாஸ்கருக்கு 6 நிமிடம்தான் மிஞ்சும். துண்டுச் சீட்டு கொடுப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். கைக்கடிகாரத்தைக் காட்டுவதும் அப்படியே. இதைவிட, பாஸ்கர் 10ஆம் நிமிடத்தில் இருக்கையை விட்டு எழுந்து செல்வியின் கண்ணில் படும் இடத்தில் வந்து நிற்பது மேல். கூட்டத்துக்கு அது தயாராவதுபோல் தெரியும், செல்விக்கு அது ஒரு நிமிடம் பாக்கி என்ற அடையாளம்.

செல்வியின் பகுதியில் விட்டுவிடக்கூடிய ஸ்லைடுகள் எவை என்று முன்பே இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும். இங்கே 6ஆம், 7ஆம் ஸ்லைடுகள், அதாவது 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டத்தின் பின்னணி. பாஸ்கர் எழுந்து நிற்கும்போது செல்வி 5இல் இருந்தால், `8` தட்டி `Enter` அழுத்தினால் நேரே வடிகட்டிப் படம் வந்துவிடும். ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளிக்கொண்டு "இதை விட்டுவிடுகிறேன், இதையும் விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. கொக்கி வாக்கியத்துக்கு 3,36,000 என்ற எண் வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு மட்டும் 5ஆம் ஸ்லைடுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.