பாம்புக்கடி செமினார்: வரி ஸ்லைடா, பட ஸ்லைடா?

பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கும் மாணவி ஒருத்தி பாம்புக்கடி செமினாருக்கு ஸ்லைடு தயாரித்து என்னிடம் காட்ட வந்தாள். பேச்சு 15 நிமிடம், ஸ்லைடு 24. பிசான அறுவடை சமயத்தில் வயக்காட்டிலிருந்து விரியன் கடியோடு ஆட்கள் வருவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அதனால் விஷயம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் 20 நிமிட ரத்த உறைதல் சோதனை பற்றிய ஸ்லைடு மட்டும் படிக்கப் படிக்க மண்டையில் ஏறவில்லை. அந்த ஒன்றை மட்டும் இரண்டு விதமாகச் செய்து பார்த்தோம்.

முதல் விதம், அவள் கொண்டு வந்தது. மேலே 'ரத்த உறைதல் சோதனை' என்று தலைப்பு. கீழே ஒன்பது வரி: 2 மில்லி ரத்தம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாய், ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம், பிறகு சாய்த்துப் பார்த்தல் என்று எல்லாமே இருந்தது. எழுத்து அளவு 18. வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், வாசிக்க முடியவில்லை. முன் பெஞ்சில் இருப்பவர்களுக்கோ வேறு தொல்லை. அவள் மூன்றாவது வரியைச் சொல்லும்போது அவர்கள் ஒன்பதாவது வரியை வாசித்து முடித்திருப்பார்கள். பேச்சு காதில் விழாது. இந்த விதத்துக்கு ஒரு நல்லது உண்டு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிப் படிக்க இதுதான் உதவும்.

இரண்டாவது விதத்தில் தலைப்பே ஒரு முழு வாக்கியம். அதன் கீழே சாய்த்துப் பிடித்த இரண்டு குழாய்களின் படம்: ஒன்றில் ரத்தம் கட்டியாக நிற்கிறது, மற்றதில் வழிகிறது. ஒவ்வொன்றின் கீழும் 'உறைந்தது', 'உறையவில்லை' என்று ஒற்றைச் சொல். வாக்கியம் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, எந்த எழுத்தும் 28க்குக் கீழே இறங்கக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். விளக்கை அணைக்காத வகுப்பறை என்பதால் வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து.

வாக்கியத் தலைப்பு எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது. அவள் முதலில் எழுதியது: 'ரத்தம் உறைந்தால் விஷம் ஏறவில்லை'. இது தப்பு. நல்லபாம்பும், பெயரில் விரியன் இருந்தாலும் விரியன் இனத்தில் சேராத கட்டுவிரியனும் தாக்குவது நரம்பை. ரத்தம் ஒழுங்காக உறையும், ஆனால் இமை தொங்கும், மூச்சு திணறும். விரியன் கடியிலும் முதல் சோதனையில் உறைந்து, பிறகு உறையாமல் போகலாம். ஒன்பது வரி ஸ்லைடில் இந்தத் தப்பு ஒளிந்தே இருந்தது, ஏனென்றால் 'ரத்த உறைதல் சோதனை' என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை. திருத்தியது இப்படி: '20 நிமிடத்தில் ரத்தம் உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது'. உறைந்தால் என்ன அர்த்தம் என்பதற்கு அடுத்த ஸ்லைடு தனியாக வந்தது. நான் இரண்டாவது விதத்தின் பக்கம் சாய இது ஒன்றே போதும்.

ஆனால் மருந்து அளவு வரும் இடத்தில் முதல் விதமே மேல். விஷமுறிவு மருந்து தொடக்கத்தில் 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு. அலர்ஜி அதிர்ச்சி வந்தால் பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தசையில். இந்த எண்களைக் காதால் மட்டும் கேட்டால் மாறிப்போகும், அதனால் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். மூன்று வரி அட்டவணை, பெரிய எழுத்து, பக்கத்தில் படம் வேண்டாம்.

சரி, ஸ்லைடிலிருந்து எடுத்த ஒன்பது வரியும் எங்கே போகும்? பேச்சுக் குறிப்புக்குத்தான். அதிலும் இரண்டு வழி உண்டு. முழு உரையாக எழுதினால் தலையைத் தூக்காமல் வாசிக்கத் தோன்றும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும் அப்படி எழுதலாம். நடுவில் துண்டுச் சொற்களே போதும். இந்த ஸ்லைடுக்கு அவள் எழுதிய குறிப்பு: 'கண்ணாடி மட்டும், பிளாஸ்டிக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாய் கூடாது. ஆட்டாதே. கடிகாரம் பார்.' கண்ணாடிச் சுவரில் பட்டுத்தான் ரத்தம் உறையத் தொடங்கும், சோப்பு மிச்சம் அதைக் கெடுக்கும் என்ற காரணத்தை அவளே வாயால் சொல்லிக்கொள்வாள். வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு, ஸ்லைடும் குறிப்பும் சேர்ந்து வரும்படி பவர்பாயிண்டின் Notes Pages அச்சமைப்பில் ஒரு பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தால் ஆயிற்று.

வீட்டில் ஒத்திகை பார்க்க Alt + F5 அழுத்தினால் புரொஜெக்டர் இல்லாமலே குறிப்போடு திரை வரும். வகுப்பறையில் Win + P அழுத்தி Extend வைக்க வேண்டும். Duplicate இருந்தால் இரண்டு திரையிலும் ஒரே காட்சிதான் வரும்.

24 ஸ்லைடு 13 ஆகக் குறைந்தது. செமினார் அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "நம்ம வார்டுல பிளாஸ்டிக் குழாய்தான இருக்கு, அதுல செஞ்சா என்ன?" அவள் திரையைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.