ஃபுல் சைஸ் என்று சொல்லி முக்கால் சைஸ் வயலினைத் தலையில் கட்டிவிட்டார்கள்

14,500 ரூபாய். பிள்ளைக்கு முதல் வயலின் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்தால் 60 செ.மீ. வருகிறது. அந்த அளவுக்கு ஃபுல் சைஸ்தான், அதாவது 4/4. மாத வாடகைக்கு எடுக்கலாமா என்று அந்த இசைக்கருவிக் கடையில் கேட்டேன். "வாடகை எல்லாம் வளர்ற சின்னக் குழந்தைகளுக்கு மேடம். அரை, முக்கால்னு மாத்திட்டே இருக்கணும். உங்க பொண்ணுக்கு ஃபுல் சைஸே சரியா இருக்கு, இனி மாத்தவே வேண்டாம்" என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் மேசையில் இருந்த தன் வில்லை எடுத்து, அந்த வயலினில் ஒரு மோகனம் இழுத்தார். அவ்வளவு இனிமை. உடனே பணத்தைக் கட்டினேன்.

வீட்டில் பெட்டிக்குள் இருந்த வில்லால் இழுத்தால் சத்தமே வரவில்லை. வில்லின் புது மயிரில் ரோசின் என்கிற பிசின் ஏறாமல் சத்தம் வராது; அது இயல்புதான். கொடுத்த ரோசின் கட்டி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்ததால் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டித் தேய்த்தோம். அதற்குப் பிறகும் கீச்சென்றுதான் கேட்டது. டீச்சர் வில்லைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். குச்சி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கடையில் வாசித்தது வேறு வில் அல்லவா!

அடுத்து வயலினின் முதுகை ஸ்கேலால் அளந்தார். கழுத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குமிழை விட்டுவிட்டு அளந்தால் ஃபுல் சைஸ் 35.5 செ.மீ. அளவில் இருக்கும். இது 33.5. முக்கால் சைஸ்! உள்ளே ஒட்டிய லேபிளில் மட்டும் 4/4. இவ்வளவு வளர்ந்த பெண்ணின் விரல்கள் இதில் ஒன்றை ஒன்று இடிக்கின்றன. இதில் ஸ்வரஸ்தானம் பழகிவிட்டு ஃபுல் சைஸுக்குப் போனால் விரல் வைக்கும் இடமெல்லாம் மாறிவிடும்.

போன் செய்தால் முதலில் "வாசிக்க வாசிக்கச் செட் ஆகிடும்." பிறகு "ஓனர் ஊர்ல இல்ல." நேரில் போனபோது, "லேபிள்ல 4/4னுதானே போட்டிருக்கு? பாலிஷ்ல கீறல் வேற இருக்கு, திரும்ப எடுக்க முடியாது." 14,500 ரூபாய்க்கு இதுதான் பதில்.

சுருக்கமாகச் சொல்கிறேன். லேபிளை நம்பாதீர்கள், ஸ்கேல் கொண்டுபோங்கள். உங்களுக்குத் தரப்போகும் வில்லிலேயே ரோசின் தேய்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை இன்னும் முக்கால் சைஸில் இருந்தால் வாடகையே மேல். பில்லில் அளவை எழுதி வாங்குங்கள். என் பில்லில் "வயலின் செட் – 14,500" என்று மட்டும்தான் இருக்கிறது.